வெளுத்துப்போன பில்

அக்கா வீட்டு ஃப்ரிட்ஜின் தலைமேல், எண்ணெய்ப் பிசுக்கேறிய ஜிப் கவருக்குள் எல்லாம் பத்திரமாக இருந்தன. வாரண்டி அட்டை இருந்தது, கையேடு இருந்தது, ஸ்டெபிலைசர் வாங்கிய சீட்டுகூட இருந்தது. பில்லும் இருந்தது. அதில் எழுத்துதான் இல்லை. சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் கடைப் பெயரின் நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான்.

மதுரையில் அந்த ஃப்ரிட்ஜை வாங்கியது 2023 தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, நவம்பர் 8ஆம் தேதி. 2025 ஜூனில் ஒரு நாள் பால் திரிந்துபோனபோதுதான் அது குளிர்விப்பதை நிறுத்தியிருந்தது தெரிந்தது. வந்து பார்த்த மெக்கானிக் கம்ப்ரஸரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கம்ப்ரஸர் போயிருச்சும்மா. பத்து வருஷ வாரண்டி இருக்கு, கம்பெனி குடுத்துரும். கேஸ் அடிக்கிறதும் லேபரும் உங்க செலவு. பில்லு மட்டும் காட்டிருங்க" என்றார். அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் எங்களுக்கு ஒரு வாரம் போனது.

பில் ஏன் வெளுத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைகளில் கையடக்க மெஷின் துப்பும் அந்த வழவழப்பான தாளில் மையே கிடையாது. தாளின் மேற்பரப்பிலேயே நிறமற்ற சாயமும் அதைக் கருப்பாக்கும் ஒரு பொருளும் பூசப்பட்டிருக்கும். பிரிண்டரின் சூடு பட்ட இடத்தில் மட்டும் இரண்டும் உருகிக் கலந்து கருக்கும். வெயில், வெப்பம், எண்ணெய்க் கை எல்லாமே நாளடைவில் அந்தக் கருப்பைக் கலைத்துவிடும். நாம் பத்திரத்துக்காகப் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் கவர்கூட எதிரிதான். சில வகைப் பிளாஸ்டிக்கை வளையும்படி ஆக்குவதற்குச் சேர்க்கும் பொருள் தாளுக்குக் கசிந்து எழுத்தைத் தின்றுவிடும். அக்கா செய்ததுபோல அயர்ன் பாக்ஸ் வைத்துத் தேய்த்துப் பார்க்காதீர்கள். தாள் முழுக்கவே சூட்டுக்குக் கருக்கக்கூடியது என்பதால் மிச்சமிருந்த நிழலும் போய், கரிக்கட்டை மாதிரி ஆகிவிடும். நிழல் லேசாகத் தெரிகிறது என்றால் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, போனிலேயே கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பாருங்கள். பில் எண்ணோ தேதியோ கிடைத்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனோம். பில்லிங் கவுன்ட்டரில் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். முறை வந்ததும் அக்கா, "தம்பி, பில்லு தொலைஞ்சு போச்சு, டூப்ளிகேட் வேணும்" என்றாள். அந்தப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பில் நம்பர் சொல்லுங்கக்கா" என்றான். பில் நம்பர் தெரிந்தால் இவள் ஏன் வரப்போகிறாள்? போன் நம்பரைச் சொன்னாள். தட்டிப் பார்த்தான். "இந்த நம்பர்ல ஒண்ணும் இல்லக்கா. ரெண்டு வருஷத்துக்கு முந்தினதெல்லாம் சிஸ்டத்துல இருக்காது." அடுத்த ஆள் முன்னால் வந்துவிட்டார்.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. அவன் முன்னால் இருந்த திரையில் அது இருந்திருக்காது. ஆனால் கடையில் இருந்தது. இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு, பதிவு பெற்ற வியாபாரி தன் கணக்குகளை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த நிதியாண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாள் எதுவோ, அதிலிருந்து 72 மாதங்கள். அக்காவின் பில்லுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 2023 நவம்பர் என்பது 2023-24 நிதியாண்டு. அதன் வருடாந்திர ரிட்டர்னுக்குக் கெடு 2024 டிசம்பர் 31. அதிலிருந்து ஆறு வருடம் எண்ணினால் 2030 டிசம்பர் 31 வரை அந்த விற்பனையின் பதிவு கடைக்காரரிடம் இருந்தாக வேண்டும். இது நமக்காகப் போட்ட விதியில்லை, வரித்துறை வந்து கேட்டால் காட்டுவதற்காகப் போட்டது. ஆனாலும் நமக்கு உதவுகிறது. 'ரெண்டு வருஷத்துக்கு முந்தினது இருக்காது' என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அதற்குப் பொருள் 'இந்தக் கம்ப்யூட்டரில் இருக்காது' என்பதுதான். ஒவ்வொரு ஏப்ரலிலும் கணக்கைப் புதிதாகத் தொடங்கும் கடைகள் உண்டு. சாஃப்ட்வேரையே மாற்றிவிட்டு, பழைய டேட்டாவை ஒரு ஹார்ட் டிஸ்கில் ஆடிட்டரிடம் கொடுத்துவைத்த கடைகளும் உண்டு. அதைத் திறந்து பார்க்க அதிகாரமும் பொறுமையும் உள்ள ஆள் கவுன்ட்டரில் உட்காருவதில்லை. மாடியிலோ பின்னறையிலோ அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவர் ஒருவர் இருப்பார். அவரைத்தான் பிடிக்க வேண்டும்.

அவரைப் பிடிக்கவும் நேரம் காலம் உண்டு. வார நாளில் காலை பதினொரு மணி வாக்கில் போனால் கடை ஓய்ந்திருக்கும். மாதத்தில் 11ஆம் தேதியையும் 20ஆம் தேதியையும் ஒட்டிப் போகாதீர்கள். மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிற கடைகளுக்கு அவை கெடு நாட்கள். அன்று அக்கவுன்ட்ஸ்காரரிடம் சொந்தத் தம்பியே போனாலும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

அடுத்து, என்ன கேட்பது என்பது. 'டூப்ளிகேட் பில்' என்று நாம் எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிறோம். ஜி.எஸ்.டி. விதிகளில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். பொருள் விற்கும்போது பில் மூன்று படியாகப் போட வேண்டும் என்று 48ஆம் விதி சொல்கிறது. 'ஒரிஜினல்' வாங்குபவருக்கு, 'டூப்ளிகேட்' வண்டியில் கொண்டுபோகிறவருக்கு, 'டிரிப்ளிகேட்' விற்பவருக்கே. ஆகவே 'டூப்ளிகேட் கொடுங்கள்' என்றால் விவரம் தெரிந்த கணக்கர் ஒரு கணம் குழம்புவார். விவரம் தெரியாதவரோ, 'ஏதோ போலி பில் கேட்கிறார்கள்' என்று நினைத்துத் தயங்குவார். ஊரில் 'டூப்ளிகேட்' என்றாலே போலி என்று ஆகிவிட்டதே. 'நீங்கள் அன்றைக்குப் போட்ட அதே பில்லை, அதே எண்ணில், அதே தேதியில் இன்னொரு தடவை பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்' என்று விரித்துச் சொல்லிவிடுவது நல்லது. 'ரீபிரின்ட்' என்றால் அவர்களுக்கு உடனே புரியும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், தேட அலுத்துப்போன சில கடைக்காரர்கள் வேறொரு வழி சொல்வார்கள். "எதுக்கு அலையுறீங்க, புதுசா ஒரு பில் போட்டுத் தர்றேன்." உதவி செய்கிற மனசோடுதான் சொல்கிறார்கள், ஆனால் தலையாட்டிவிடாதீர்கள். பில் எண் என்பது நிதியாண்டு முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வரிசை. இன்றைய தேதியில் புது பில் போட்டால் கணக்கில் அது புது விற்பனை. விற்காத ஃப்ரிட்ஜுக்கு அவர் இன்னொரு தடவை வரி கட்ட வேண்டும். பழைய தேதி போட்டு எழுதினால் வரிசை உடைந்து, அந்த எண் அன்றைய ரிட்டர்னோடு பொருந்தாது. சர்வீஸ் சென்டரில் சீரியல் எண்ணைத் தட்டினால் பொருள் எப்போது தயாரானது என்று வந்துவிடும். 2023இல் தயாரான ஃப்ரிட்ஜுக்கு 2025இல் பில் என்றால் அவர்களுக்குச் சந்தேகம் வரும். இல்லாத விற்பனைக்கான அந்தத் தாளை வாரண்டிக்கோ ஆபீஸிலோ நீட்டினால் அது பொய்ச் சான்று. மாட்டிக்கொள்பவர் நீட்டியவர்தான்.

சரி, பில் எண் இல்லாமல் ஒரு பில்லை எப்படித் தேடுவது? செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் மாடியேறிப் போனபோது, அக்கவுன்ட்ஸ் பார்த்த அம்மாள் கேட்ட கேள்விகளை வைத்தே சொல்கிறேன். பெரிய கடையானாலும் சின்னக் கடையானாலும் தேடல் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும்.

முதலில் தேதி கேட்டார். 'தீபாவளி சமயம்' என்று சொல்லியிருந்தால் எங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார். தீபாவளி வாரத்தில் அந்தக் கடை போட்ட பில்கள் எத்தனை நூறு இருக்கும்! அக்கா கார்டில் பணம் கட்டியிருந்ததால் பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து வைத்திருந்தோம். நவம்பர் 8, ரூ.23,490 என்று தெளிவாக இருந்தது. பில் எண்ணைவிடத் தேதி முக்கியம் என்பது அப்போதுதான் புரிந்தது. எண் வரிசை பல கடைகளில் ஏப்ரலில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். 2871 என்ற பில் ஒவ்வொரு வருடமும் ஒன்று இருக்கலாம்.

அடுத்தது தொகை. டே புக்கைத் திறந்து 23,490 என்று தேடினார். இல்லை. இங்கேதான் பலருடைய தேடல் நின்றுபோகும். அந்த அம்மாள் அனுபவஸ்தர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "பழைய ஃப்ரிட்ஜ் எதுவும் எக்ஸ்சேஞ்சுல குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார். குடுத்திருந்தாள். பழையதற்கு 1,500 ரூபாய் கழித்தார்கள். பில்லில் இருந்த தொகை 24,990. கார்டில் போனது 23,490. நாம் கட்டிய பணமும் பில் தொகையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எக்ஸ்சேஞ்ச், கூப்பன், முன்பணம், கூடவே வாங்கிய ஸ்டெபிலைசர், பாதி ரொக்கம் பாதி ஜி-பே என எத்தனையோ காரணம் உண்டு. போவதற்கு முன் அன்று என்னென்ன நடந்தது என்று ஞாபகப்படுத்திக் குறித்துக்கொண்டு போனால் அரைமணி நேரம் மிச்சம்.

மூன்றாவது போன் நம்பர். இது ஏன் கவுன்ட்டரில் கிடைக்கவில்லை என்பதற்கும் விடை அங்கே கிடைத்தது. அன்று பணம் கட்டியது அக்கா, ஆனால் கவுன்ட்டரில் நம்பர் சொன்னது மாமா. அவர் அப்போது வைத்திருந்த நம்பர் இப்போது இல்லை. வீட்டில் யார் யாரெல்லாம் கடைக்குப் போனார்களோ எல்லோருடைய நம்பரையும், பழைய நம்பர் உட்பட, சொல்லிப் பாருங்கள். சின்னக் கடைகளில் பெயருக்குப் பதில் வெறுமனே 'கேஷ்' என்று போட்டிருப்பார்கள். அங்கே பெயரும் நம்பரும் உதவாது, தேதியும் தொகையும்தான் துணை.

24,990க்கு அன்றைக்கு ஒரே மாடல் மூன்று விற்றிருந்தது. மூன்றில் எது அக்காவுடையது? பில்லில் சீரியல் எண் போடவில்லை. அந்த அம்மாள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்து வந்தார். டெலிவரி நோட்டு. வண்டியில் ஏற்றும்போது பில் எண், சீரியல் எண், வீட்டு முகவரி எழுதி, இறக்கும்போது நம்மிடம் கையெழுத்து வாங்குவார்களே, அதுதான். காய்கறிப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த ஸ்டிக்கரை நாங்கள் போட்டோ எடுத்துப் போயிருந்தோம். நோட்டில் விரல் வைத்துக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றார். பில் எண் 2871. எதிரே அக்காவின் கையெழுத்து. மொத்தம் பதினைந்து நிமிடம்.

கடைக்கு நேரில் போக முடியாதவர்கள் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ கேட்கலாம். உள்ளூர்க் கடையென்றால் எழுத்தில் கேட்பதே நல்லது, பின்னால் தேவைப்பட்டால் நாம் கேட்டதற்குச் சாட்சி இருக்கும். அழுது புலம்பியும் எழுத வேண்டாம், மிரட்டியும் எழுத வேண்டாம். தேடுவதற்கு வேண்டியதை மட்டும் எழுதினால் போதும். உதாரணத்துக்கு:

"வணக்கம். 8-11-2023 அன்று உங்கள் கடையில் 240 லிட்டர் ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கினோம். பில் தொகை ரூ.24,990. பழைய ஃப்ரிட்ஜுக்கு ரூ.1,500 கழித்து, ரூ.23,490 டெபிட் கார்டில் கட்டினோம். பேங்க் ஸ்டேட்மென்ட்டின் அந்தப் பக்கத்தையும் சீரியல் எண் ஸ்டிக்கரையும் இதோடு இணைத்திருக்கிறேன். பில் எழுத்து அழிந்துவிட்டது. கம்ப்ரஸர் வாரண்டிக்காக அதே பில்லின் ரீபிரின்ட், கடை முத்திரையும் கையெழுத்தும் போட்டு வேண்டும். பி.டி.எஃப். முதலில் அனுப்பினாலும் சரி. எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்."

ஸ்டேட்மென்ட் அனுப்பும்போது மற்ற வரிகளையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிடுங்கள். அந்த ஒரு வரி போதும். ஜி-பே, போன்பே மாதிரி யு.பி.ஐ.யில் கட்டியிருந்தால் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும், அதையும் கொடுங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும். பணம் போன சான்று, பொருள் வாங்கிய சான்று ஆகாது. 23,490 ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ் வாங்கினீர்களா, வாஷிங் மெஷின் வாங்கினீர்களா என்று பேங்க் ஸ்டேட்மென்ட் சொல்லாது. அது பில்லைக் கண்டுபிடிக்க உதவும் சாவி, அவ்வளவுதான்.

ரீபிரின்ட் கைக்கு வந்ததும் கிளம்பிவிட வேண்டாம், அங்கேயே நின்று படியுங்கள். பழைய தேதிதான் இருக்கிறதா என்று பாருங்கள். சில சாஃப்ட்வேர்கள் பிரிண்ட் எடுத்த நாளையும் ஓரத்தில் போடும், அதைப் பற்றிக் கவலையில்லை, பில் தேதி மாறாமல் இருந்தால் சரி. கடையின் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். 15 எழுத்துகள், தமிழ்நாட்டுக் கடையென்றால் 33 என்று தொடங்கும். மாடல் பெயர் முழுதாக இருக்க வேண்டும். 'ஃப்ரிட்ஜ் - 1' என்று மட்டும் இருந்தால் சர்வீஸ் சென்டரில் மறுபடி வாதாட வேண்டிவரும். சீரியல் எண் இல்லையென்றால் நீங்களாகப் பேனாவால் எழுதிவிடாதீர்கள். கடைக்காரரையே எழுதச் சொல்லி, அந்த இடத்திலேயே முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். அந்த அம்மாள் அதையும் தாமாகவே செய்தார். 'அசல் பில்லின் மறு அச்சு' என்று ஒரு வரியும், அன்றைய தேதியும், சுருக்கக் கையெழுத்தும், ஊதா முத்திரையும். மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேசவில்லை.

கையால் எழுதும் பில் புத்தகம் வைத்திருக்கும் கடைகளில் ரீபிரின்ட் எடுக்க முடியாது. அவர்களிடம் கார்பன் படி இருக்கும். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து முத்திரை போட்டுத் தரச் சொல்லுங்கள். கார்பன் படியையே கிழித்துத் தர முன்வந்தால் வாங்காதீர்கள், அது அவர் கணக்கில் இருக்க வேண்டியது. ஆன்லைனில் வாங்கியதென்றால் பெரும்பாலும் இந்தப் பாடெல்லாம் இல்லை. ஆர்டர் பக்கத்தில் இன்வாய்ஸை இறக்கிக்கொள்ளலாம். எந்த போன் நம்பரில், எந்த மெயிலில் ஆர்டர் போட்டோம் என்பது மட்டும் ஞாபகம் வர வேண்டும். பில் போடுவது அந்தத் தளம் இல்லை, அதில் விற்கும் வியாபாரி என்பதால், பில்லில் வேறு கடைப் பெயர் இருந்தால் திகைக்க வேண்டாம்.

இதே ரீபிரின்டை ஆபீஸில் பணம் திரும்பப் பெறக் கொடுக்கும்போது கதை கொஞ்சம் மாறும். சர்வீஸ் சென்டர்காரருக்குத் தேதி ஒன்றுதான் கவலை. ஆபீஸ் கணக்கருக்கு வேறு கவலை. இதே பில்லின் அசலை வைத்து இவர் ஏற்கெனவே ஒரு தடவை பணம் வாங்கிவிட்டாரோ, இல்லை வேறு இன்ஷூரன்ஸில் கொடுத்துவிட்டாரோ என்பது. அவர் நம்மைத் திருடன் என்று நினைப்பதாகக் கோபப்பட்டுப் பயனில்லை, நாளை ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆகவே நகலோடு ஒரு சிறு உறுதிமொழியும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அசல் எப்படித் தொலைந்தது, இதற்காக வேறெங்கும் பணம் கேட்கவில்லை, அசல் கிடைத்தால் அதை வைத்துக் கேட்க மாட்டேன், இந்த மூன்றும் இருந்தால் போதும். மருத்துவச் செலவு என்றால் இன்னும் கறாராக இருப்பார்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் அசல் தாள்கள் தொலைந்துபோனால் நகல்களோடு முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரமும் கேட்கிறார்கள். மருந்துக் கடையில் நகல் கேட்கும்போது நோயாளியின் பெயரையும் தேதியையும் சொன்னால் தேட எளிது. மருந்து அட்டையில் இருக்கும் பேட்ச் எண் பில்லிலும் இருக்கும் என்பதால், காலி அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அதுவும் கைகொடுக்கும்.

சொந்தத் தொழில் செய்கிறவர்கள் தங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து வாங்கியிருந்தால் பில்லைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். விற்றவர் ரிட்டர்ன் போட்டிருந்தால் அந்த பில்லின் எண், தேதி, தொகை எல்லாம் போர்ட்டலில் உங்கள் GSTR-2B-யில் வந்து உட்கார்ந்திருக்கும். அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார். ஆனால் அந்த வரி மட்டும் போதும், பில் வேண்டாம் என்று விட்டுவிடக்கூடாது. வரியைக் கழித்துக்கொள்ள பில் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

எவ்வளவு கேட்டும் கடை தரவில்லை, அல்லது கடையே இப்போது இல்லை என்றால்? கடைக்கு வெளியேயும் அந்த விற்பனையின் தடங்கள் கிடக்கும். தவணையில் வாங்கியிருந்தால் கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனியிடம் கேளுங்கள். பொருளின் பில் நகலை வாங்கிக்கொண்டுதான் அவர்கள் கடைக்குப் பணம் அனுப்புவது வழக்கம். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி. வாங்கிய சில நாளில் கம்பெனி ஆள் வந்து பொருத்திக் காட்டிவிட்டுப் போயிருப்பார். அந்த வருகை உங்கள் போன் நம்பர், சீரியல் எண், தேதியோடு கம்பெனியில் பதிவாகியிருக்கும். வாரண்டி என்பது தயாரித்த கம்பெனி கொடுத்த வாக்கு, கடைக்காரர் கொடுத்ததில்லை. ஆகவே கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கே போன் போட்டு, பில் இல்லாத நிலையில் எதை ஏற்பீர்கள் என்று நேராகக் கேட்கலாம். சில கம்பெனிகள் சீரியல் எண்ணில் தெரியும் தயாரிப்புத் தேதியிலிருந்து வாரண்டியைக் கணக்கிட்டுக்கொள்ளும். அதில் நமக்குச் சில மாதங்கள் நஷ்டம், ஆனால் பத்து வருட வாரண்டியில் அது பெரிய விஷயமில்லை. மொபைல் போனென்றால் `*#06#` தட்டினால் வரும் ஐ.எம்.ஈ.ஐ. எண் 15 இலக்கம், அதுதான் அங்கே சீரியல் எண்ணின் வேலையைச் செய்யும். போன் திருட்டுப் போய்விட்டால் அந்த எண் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும்.

கடைக்காரர் மீது புகார் கொடுக்கலாமா என்று அக்கா முதல் நாளே கேட்டாள். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்கு பில் கொடுக்காமல் இருப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. நமக்கோ பில் கொடுத்தார்கள், தொலைத்தது நாம். இரண்டும் ஒன்றில்லை. முதல் நாளே சட்டம் பேசினால், நோட்டை எடுத்துவர எழுந்திருக்க வேண்டிய ஆள் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கே பில் தராமல் வெறும் எஸ்டிமேட் சீட்டு கொடுத்து அனுப்பிய கடையென்றால் நிலைமை வேறு. அங்கே நகல் கிடைக்காததற்குக் காரணம், அசலே போடவில்லை என்பதுதான். அந்த மாதிரி இடத்திலும், விவரம் எல்லாம் எழுத்தில் கொடுத்துப் பல வாரம் காத்திருந்தும் அசையாத இடத்திலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். பல விவகாரங்கள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். அதற்கும் மேல் போக வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஒரு ரீபிரின்டுக்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். வாரண்டியையே மறுக்கிறார்கள் என்றால் போகலாம்.

கம்ப்ரஸர் மாற்றியாயிற்று. ரீபிரின்டும் அதே வழவழப்புத் தாளில் வந்துவிடக்கூடாது என்று சொல்லி, சாதாரண ஏ4 தாளில் எடுத்து வாங்கினோம். அக்கா அதை போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டு, தன் மெயிலுக்கும் ஒன்று அனுப்பிக்கொண்டாள். கொஞ்சம் அதிகமோ என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து வாரண்டி அட்டையை எடுத்துப் பார்த்தபோது அந்த எண்ணம் போய்விட்டது. கம்ப்ரஸர் வாரண்டி 2033 நவம்பர் வரை இருக்கிறது. கடைக்காரர் கணக்கை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் 2030 டிசம்பரோடு முடிந்துவிடுகிறது. நடுவில் இருக்கும் அந்த மூன்று வருடத்தில் பில் தொலைந்தால், மாடியில் இருக்கும் அந்த அம்மாளிடமும் எடுத்துக் கொடுக்க ஒன்றும் இருக்காமல் போகலாம்.